கலைச்சொல்: இரட்டை அட்டைக் கேமராவில் Backup, Overflow இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்வது?

சுங்கை சிப்புட், படக்கடை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மெமரி கார்டு போடுகிற கேமராவில் இரண்டாவது கார்டு என்ன வேலை செய்ய வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். என் நிக்கான் டி750-இல் அந்த இடத்தின் பெயர் `Role played by card in Slot 2`. அதற்குள் `Overflow`, `Backup` என்று இருக்கின்றன. என்னிடம் வேலை பழகும் இரண்டு தம்பிகளுக்காக இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். `Backup` என்பதைக் 'காப்பு முறை' என்று எழுதினேன். அந்தச் சொல்தான் என்னை மாட்டிவிட்டது.

போன சித்திரையில் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. விடிகாலைப் பால்குடத்தில் தொடங்கி இரவு ரதம் வரை எங்கள் கடைதான் படம் எடுத்தது. கார்டு போட்ட தம்பி முதல் ஸ்லாட்டில் 128 ஜிபி, இரண்டாவதில் 32 ஜிபி போட்டு 'காப்பு முறை'யில் வைத்துவிட்டான். சாயங்காலம் பூக்குழியில் கரகம் எடுத்தவர் முதல் அடி வைக்கிறார், என் ஷட்டர் விழவில்லை. பட எண்ணிக்கை 0 என்று மின்னுகிறது. அப்போதுதான் 1,100 படத்தைத் தாண்டியிருந்தேன். மெனுவைத் திறந்து மாற்றி நிமிர்ந்தபோது நாலு பேர் இறங்கி ஏறிவிட்டார்கள். அவர்கள் குடும்பத்துக்குக் கொடுக்க என்னிடம் படம் இல்லை.

பிறகு தம்பியைக் கேட்டேன். "காப்புன்னா பேக்கப் ஆள் மாதிரிதானே அண்ணே, முதல் கார்டு முடிஞ்சா இது வரும்னு நினைச்சேன்" என்றான். நம் ஊரில் பேக்கப் என்றால் மாற்று ஆள், மாற்று டயர். அவன் புரிந்துகொண்டது `Overflow`-வை. சொல்லை மாற்றினால்தான் இது தீரும். யோசனை சொல்லுங்கள்.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, 'அட்டை' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், கடிதத்தில் 'கார்டு' என்கிறீர்கள். தோட்டத்தில் அட்டை என்றால் காலைக் கடிப்பது என்று தயங்க வேண்டாம். அடையாள அட்டை என்று எல்லோரும் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. மற்ற இரண்டுக்கும் என் பரிந்துரை: `Backup` காப்புப்படி முறை, `Overflow` வழிவு முறை. நிரம்பி வழிவதால் வழிவு. சுருக்கமாகவும் இருக்கிறது.

பூச்சோங், கைப்பேசிக் கடை

அண்ணே, இரட்டை அட்டை என்றால் ஃபோனில் இரண்டாவது ஓட்டையில் சிம் போடலாம் அல்லது மெமரி கார்டு போடலாம், இரண்டும் சேர்த்து முடியாது, அதுதானே? அதற்கு நாங்கள் 'கலப்பு ஸ்லாட்' என்றுதான் சொல்கிறோம். வாடிக்கையாளருக்குப் புரிகிறது.

பகாவ், திருமணப் படப்பிடிப்பு

பூச்சோங் தம்பி, அது வேறு சங்கதி. இங்கே இரண்டும் படம் சேமிக்கிற அட்டைகள்.

சுங்கை சிப்புட் தம்பிக்கு: உங்கள் கேமரா செய்தது சரியான வேலை. அந்த முறையில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அட்டையிலும் எழுதியாக வேண்டும். ஒன்று நிரம்பிவிட்டால் எழுத இடம் இல்லை, அதனால் ஷட்டரை விடாது. 24 மெகாபிக்சலில் உங்கள் ரா கோப்பு ஒன்று சுமார் 28 எம்பி வரும். 32 ஜிபியை அதால் வகுத்துப் பாருங்கள், 1,100-இல்தான் வந்து நிற்கும். பக்கத்தில் 128 இருந்தாலும் அதில் முக்கால் பங்கு சும்மா கிடக்கும். காலையில் கேமராவைத் திறந்தவுடனே இது தெரியும். 128-க்குக் காட்ட வேண்டிய எண்ணிக்கையில் கால் பங்கைத்தான் காட்டியிருக்கும், ஏனென்றால் கேமரா சின்ன அட்டையைத்தான் கணக்கில் எடுக்கும். அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கத்தைத் தம்பிகளுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். எனக்குக் 'காப்பு' வேண்டவே வேண்டாம். அது கேமரா செய்கிற வேலையின் பெயர் இல்லை, நாம் வைக்கிற நம்பிக்கையின் பெயர். கேமராவுக்குள் இருக்கும் இரண்டாவது பிரதி ஒரு அட்டை கெட்டுப்போனால் மட்டும்தான் உதவும். கேமராப் பையையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். மழையில் நனைந்தாலும் அப்படித்தான். மற்ற கம்பெனிகள் வைத்த பெயரைப் பாருங்கள். கேனனில் `Rec. to multiple`, சோனியில் `Simult. Recording`. இரண்டும் நடக்கிற வேலையைச் சொல்கின்றன. ஆகவே 'இரட்டைப் பதிவு' என்று வைப்போம். உங்கள் தம்பி அந்தச் சொல்லைப் படித்திருந்தால் 32-ஐப் போட்டிருப்பானா?

கிள்ளான், வீடியோ மற்றும் படம்

அக்கா, நான் இந்த இரட்டைப் பதிவையே நிறுத்திவிட்டேன். கேமரா மந்தமாகிவிடுகிறது. அதோடு அது ஏமாற்று வேலை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதை வீடியோ எடுத்தேன், `Backup`-இல்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டாவது அட்டையில் வீடியோவே இல்லை. நல்ல அட்டை வாங்கினால் கெடாது. `Overflow` போதும் என்பது என் முடிவு. பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

பகாவ், திருமணப் படப்பிடிப்பு

தம்பி சொல்வதில் பாதி சரி. மந்தம் உண்மை, ஆனால் எப்போதும் இல்லை. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் இடைநினைவகம் நிரம்பும். அதைக் காலி செய்யும் வேகம் இரண்டில் எது மெதுவான அட்டையோ அதன் வேகம். ஒரு பக்கம் எக்ஸ்கியூடி, மறுபக்கம் பழைய எஸ்டி என்று போட்டால் வேகமான அட்டைக்குக் கொடுத்த காசு வீண். ஒரே வேகமுள்ள இரண்டு அட்டை போட்டு, ஐந்தாறு படமாக விட்டு விட்டு எடுத்தால் தீமிதியில்கூட மந்தம் தெரியாது.

வீடியோ விஷயம் வேறு. இரண்டாவது அட்டையின் வேலை என்று நாம் வைப்பது டி750 போன்ற நிக்கான்களில் படத்துக்கு மட்டும்தான். வீடியோ எந்த அட்டைக்குப் போக வேண்டும் என்பதற்கு வீடியோ மெனுவில் `Destination` என்று தனியாக இருக்கிறது, அந்த ஒரு அட்டைக்குத்தான் போகும். உங்களை ஏமாற்றியதும் அந்த `Backup` என்ற சொல்தான் என்று நினைக்கிறேன்.

அட்டை கெடாது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நல்ல அட்டையும் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். தாலி கட்டு ஒரு தடவைதான்.

திருநெல்வேலி, நீர்ப்பாசனத் துறையில் இருந்தவர்

உங்கள் பேச்சைக் கேட்டபோது எங்கள் ஊர்க் குளங்கள் ஞாபகம் வந்தன. ஒரு குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக இறங்கி அடுத்த குளத்துக்குப் போகும். இதைக் 'குளம் மறுகால் பாய்கிறது' என்போம். தண்ணீர் வீணாவதில்லை, அடுத்த குளம் நிரம்பத் தொடங்குகிறது. `Overflow`-இல் நடப்பது அப்படியே இதுதான். 'மறுகால் முறை' என்று வைக்கலாமே? புதிதாக எதையும் செய்ய வேண்டாம், சொல் தயாராக இருக்கிறது.

சுங்கை சிப்புட், படக்கடை

ஐயா, மறுகால் மிக அழகான சொல். கடையில் தம்பிகளிடம் சொல்லிப் பார்த்தேன். கால் வலியா என்று கேட்டான் ஒருவன். இங்கே குளமும் இல்லை, கலிங்கும் இல்லை. சுற்றிலும் செம்பனை.

ஆசிரியர் ஐயாவின் 'வழிவு' எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றும் சொல்ல வேண்டும். என் அம்மா பால்மரம் வெட்டியவர். மரத்தில் கட்டிய மங்கில் பால் நிரம்பி வழிந்தால் அது மண்ணுக்குப் போனது, கணக்கில் வராது. மழை பெய்த நாளில் மங்கு வழியுமே என்று அம்மா பதறியதைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்து ஆளுக்கு வழிவு என்றால் நட்டம். படம் நட்டமாகவில்லையே, அடுத்த அட்டைக்குத்தானே போகிறது? ஃபூஜியில் இதை `SEQUENTIAL` என்கிறார்கள், கேனனில் `Auto switch card`. நான் 'அடுத்தட்டை முறை' என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

தெலுக் இந்தான், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மங்கு வழியும் கதைக்குப் பிறகு வழிவை நான் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இங்கே தெரியவில்லை என்பதற்காக மறுகாலைத் தள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் கற்றுக்கொடுத்த எத்தனையோ சொற்கள் முதல் நாளில் தெரியாதவைதான். 'அடுத்தட்டை' விளக்கம் மாதிரி இருக்கிறது, சொல் மாதிரி இல்லை. 'இரட்டைப் பதிவு' நன்று, அதற்கு என் முழுச் சம்மதம்.

பகாவ், திருமணப் படப்பிடிப்பு

இரண்டாவதை இப்போதைக்கு இரண்டு பெயரோடும் விடுவோம். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. ரா ஒரு அட்டைக்கும் ஜேபெக் இன்னொன்றுக்கும் போகிற முறை. சோனி `Sort Recording` என்கிறது. 'பிரிபதிவு' என்று சொல்லலாமா?

அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுங்கை சிப்புட் தம்பியிடம் அன்றைக்கு இருந்த 128-ம் 32-ம் பிரிபதிவில் போட்டிருந்தால் நன்றாக ஓடியிருக்கும். 128-இல் ரா நாலாயிரத்துக்கு மேல் போகும். நடுத்தரச் சுருக்கத்தில் ஜேபெக் ஒன்று ஆறு எம்பி அளவுதான், 32-இல் ஐயாயிரத்தை ஒட்டிப் பிடிக்கும். ரா அட்டை போனால் ஜேபெக்காவது கையில் இருக்கும். வெளிச்சம் தப்பிய படத்தை அதில் அதிகம் திருத்த முடியாது, அது ஒன்றுதான் குறை.

இந்த வருஷத்துக்கு எப்படித் திட்டமிடுகிறீர்கள்?

சுங்கை சிப்புட், படக்கடை

இந்த வருஷம் எத்தனை படம் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன் அக்கா. பால்குடமும் காவடியும் 1,300, அன்னதானம் 300, தீமிதி 900, இரவு ரதம் 500. மொத்தம் 3,000 படம், 84 ஜிபி. ஒரே 128 ஜோடியில் முடித்துவிடலாம். ஆனால் முழு நாளும் ஒரே கேமராவுக்குள் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் 64 ஜிபி நாலு அட்டை, இரண்டு ஜோடி. நாலும் ஒரே ரகம், ஒரே வேகம். எல்லாமே இரட்டைப் பதிவு.

முதல் ஜோடி விடிகாலையிலிருந்து அன்னதானம் வரை. 1,600 படம், 45 ஜிபி. நிரம்பியிருக்காது, இருந்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபத்துக்குள் உட்கார்ந்து மாற்றிவிடுவேன். பூக்குழிப் பக்கத்தில் நின்றுகொண்டு சாம்பல் பறக்கும்போது அட்டைக் கதவைத் திறக்கக் கூடாது. இரண்டாவது ஜோடி தீமிதிக்கும் ரதத்துக்கும். 1,400 படம், 39 ஜிபி. கூட்டம் அதிகமானாலும் இன்னும் எண்ணூறு படத்துக்கு மேல் இடம் இருக்கும்.

கழற்றிய ஜோடியில் ஒன்று என் சட்டைப்பையில், மற்றது என் தங்கை கையில் லயத்து வீட்டுக்குப் போகும். அக்கா சொன்ன காப்பு அப்போதுதான் உண்மையாகிறது. எஸ்டி அட்டையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும் என்று தம்பிகளிடம் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் யாராவது அதை எடுத்துத் திரும்பப் போட்டாலும் கேமரா எழுதாது, அழிக்கவும் செய்யாது.

சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் வரி 'இரட்டைப் பதிவு: சின்ன அட்டை நின்றால் எல்லாம் நிற்கும்'. மூன்றாவது வரி பிரிபதிவு. நடுவில் 'அடுத்தட்டை' என்று எழுதி, அதற்குக் கீழே பென்சிலில் 'மறுகால்' என்றும் எழுதியிருக்கிறேன். கால் வலியா என்று கேட்ட தம்பி நேற்று அந்தச் சொல்லைச் சொல்லித்தான் மெனுவைத் திறந்தான்.

கிள்ளான், வீடியோ மற்றும் படம்

அப்போ வீடியோவுக்கு என்ன பெயர் அக்கா? ஒரு அட்டைக்கு மட்டும் போவதற்கும் ஒரு சொல் வேண்டுமே.