பழைய கடனைக் கழித்த பிறகு வீட்டுச் செலவைப் பிரிப்பதா, அதற்கு முன்பா?

நண்பர்களே, கல்யாணம் ஆகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை, இரண்டு சம்பளத்தையும் சேர்ப்பதில் ஒரு இடத்தில் நிற்கிறோம். மொத்த வருமானத்தை 100 என்று வைத்தால் அவருடையது 60, என்னுடையது 40. அவருக்கு மாமாவின் சிகிச்சைக்காக வந்த கிரெடிட் கார்டு பாக்கி, மாதம் 20 கட்டுகிறார். எனக்குப் படிப்புக் கடன், மாதம் 10. வீட்டுச் செலவு 35.

சம்பள விகிதத்தில் பிரித்தால் அவர் 21, நான் 14. கடன் போக மிஞ்சும் 40, 30 என்ற கணக்கில் பிரித்தால் அவர் 20, நான் 15. வித்தியாசம் 1தான், ஆனால் அவர் கடனில் ஒரு துளியை நான் சுமப்பது போல ஆகிறது என்று அவருக்குச் சங்கடம். எனக்கு அது பெரிதில்லை.

எனக்குக் கவலை வட்டிதான். கார்டுக்கு மாதம் 3 சதவீதம், என் கடனுக்கு வருடத்துக்கே 9. அதனால் என் தவணையைக் கூட்டாமல், இருவரிடமும் மிஞ்சும் 35-இல் பெரும்பகுதியைக் கார்டில் போட்டு முடிக்கலாம் என்கிறேன். அப்புறம், பாக்கி இருக்கும்போது அதே கார்டில் வீட்டுச் சாமான் வாங்கினால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், அதை நிறுத்திவிட்டோம்.

இப்படிச் செய்தவர்கள், துணையின் பழைய கடனுக்குக் கொடுத்ததைத் திரும்ப வர வேண்டிய பணமாக எழுதி வைத்தீர்களா, பொதுச் செலவாகவே விட்டுவிட்டீர்களா? அவசரத்துக்கு எவ்வளவு ஒதுக்கிவிட்டு மீதியைக் கட்டினீர்கள்?