ரிங் வேக்சினேஷன்: "வளையத் தடுப்பூசி" போதுமா?

கயல்:
பெரியம்மை ஒழிப்புக் கட்டுரையில் ரிங் வேக்சினேஷனை "வளையத் தடுப்பூசி" என்று எழுதியிருக்கிறேன். பொருள் விளங்குகிறதா?

மாறன்:
நன்றாகவே விளங்குகிறது. கவைமுனை ஊசியால் சின்ன வட்டத்துக்குள் 15 முறை குத்துவார்கள், கையில் வட்டத் தழும்பு விழும். அந்த வளையம்தானே?

இளவேனில்:
இல்லை, அது குத்தும் முறை. நீங்கள் அப்படிப் புரிந்துகொண்டதே சொல்லின் குறையைக் காட்டிவிட்டது. இங்கே வளையம் என்பது ஆட்கள். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் தடுப்பூசி மருந்து போதாமல் இருந்தது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியின் குழுவினர் நோய் கண்ட ஊர்களுக்கும், அங்கிருந்து அது அடுத்துப் பரவக்கூடிய ஊர்களுக்கும் மட்டும் முதலில் போட்டார்கள்.

ஒருவருக்குக் கொப்புளம் கண்ட மூன்றாம் நாள் தகவல் வருகிறது என்று வையுங்கள். தொற்றி மூன்று நான்கு நாளுக்குள் ஊசி விழுந்தால், கூட இருந்தவர் பெரும்பாலும் தப்பிவிடுவார். ஒருவேளை தப்பாவிட்டாலும் அவருக்கு நோய் வெளிப்பட ஏறக்குறைய 12 நாள் ஆகும். அதற்கு முன் அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. அந்த இடைவெளியில் அவரோடு பழகுகிறவர்களுக்கெல்லாம் போட்டுவிட வேண்டும். இந்த இரண்டாம் சுற்றை விட்டால் நோய் நழுவிவிடும்.

செழியன்:
அப்படியானால் நோயாளி வீட்டைச் சுற்றி வட்டம் போடுவதுதானே? "சுற்றிவளைப்புத் தடுப்பூசி" எனலாம்.

இளவேனில்:
பாதி சரி. இந்தியாவில் நோயாளி வீட்டு வாசலில் காவலாள் வைத்து, சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் போட்டார்கள். ஆனால் நேற்று வந்து பார்த்துவிட்டுப் பஸ் ஏறிப் போன மைத்துனர் அந்த வட்டத்துக்குள் இல்லை. அவரைப் பெயர் கேட்டு எழுதி, போன ஊரில் தேடிப் பிடிக்க வேண்டும். மேலும் "சுற்றிவளைப்பு" என்றால் ஈழத்து வாசகருக்கு ராணுவம்தான் நினைவுக்கு வரும். "தொடர்புவளையத் தடுப்பூசி" என்பேன்.

கயல்:
இதே வழியில் போலியோ ஏன் ஒழியவில்லை?

இளவேனில்:
வளையம் போட நடுவில் ஒரு நோயாளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரியம்மையில் முகமே காட்டிக்கொடுக்கும், படம் போட்ட அட்டையை நீட்டி "இப்படி யாராவது உண்டா?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். போலியோவில் ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கால் விளங்காமல் போகும். அவரைக் கண்டுபிடிக்கும்போது மற்றவர்கள் வழியே வைரஸ் எங்கோ போயிருக்கும். அதனால்தான் அங்கே ஊர் முழுக்கச் சொட்டு மருந்து கொடுக்கிறார்கள், கழிவுநீரையும் சோதிக்கிறார்கள். தட்டம்மையோ, தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும், வளையம் போடுவதற்குள் தாண்டிவிடும். எபோலாவில் அறிகுறிக்கு முன் தொற்றாது என்பதால், 2015இல் கினியில் வளைய முறை பலித்தது. ஆனால் எபோலா விலங்குகளிடமும் இருப்பதால் திரும்பத் திரும்ப வரும்.

மாறன்:
அட்டையோடு வீடு வீடாகப் போன சர்வெய்லன்ஸைக் "கண்காணிப்பு" என்றால் கேமரா வைத்ததுபோல் இருக்கிறதே. "நோய் தேடல்"?

இளவேனில்:
வீடு வீடாகப் போனதற்கு அது பொருந்தும். மருத்துவமனைகள் வாராவாரம் அனுப்பும் கணக்குக்குப் பொருந்தாது; சர்வெய்லன்ஸ் இரண்டையும் குறிக்கிறது.

கயல்:
"தொடர்புவளையத் தடுப்பூசி" என்று திருத்திவிட்டேன். "கண்காணிப்பு" இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

செழியன்:
தலைப்புக்கு நீளம். "வளையத் தடுப்பூசி"யே எனக்குச் சரி.