தவறான அளவில் வந்த சப்பாத்து: கேஷ் ஒன் டெலிவரிக் கட்டணத்தையும் திருப்பி எடுக்கும் கட்டணத்தையும் யார் சுமப்பது?

வெள்ளவத்தை வாசகி: 39ஆம் அளவுச் சப்பாத்து ஒன்றை இணையக் கடையில் வாங்கினேன். விலை 6,800 ரூபா, விநியோகக் கட்டணம் 400, கேஷ் ஒன் டெலிவரிக்கான கையாளல் கட்டணம் 150 என, வாசலில் 7,350 ரூபா கொடுத்தேன். வந்தது 38ஆம் அளவு. திருப்பி அனுப்பியபோது, சப்பாத்தின் விலையிலிருந்து பொதியை எடுத்துச் செல்லும் கட்டணமென்று 450 ரூபாவைக் கழித்து, 6,350 ரூபாவை மட்டும் என் வங்கிக் கணக்கில் இட்டார்கள். அவர்களுடைய பிழைக்கு நான் 1,000 ரூபா இழப்பது முறையா?

மருதானை மணி: இரண்டு கட்டணங்களுமே சட்டவிரோதமானவை. அட்டையால் பணம் செலுத்துபவரிடம் கடைக்காரர் மேலதிகமாக அறவிடக் கூடாதென்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. அட்டைக்குக் கூடாதது காசுக்கு மட்டும் எப்படிக் கூடும்?

கொட்டாஞ்சேனை வியாபாரி: தம்பி மணி, நான் சிறிய அளவில் உடுப்பு விற்பவன். கூரியர் நிறுவனம் வாசலில் வாங்கும் காசில் ஒரு பங்கைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு, மிகுதியைப் பல நாட்கள் கழித்தே எனக்குத் தருகிறது. வாங்குபவர் கதவைத் திறக்காமலோ தொலைபேசியை எடுக்காமலோ விட்டால், போன கூலியையும் வந்த கூலியையும் நான்தான் கட்டுகிறேன். முன்கூட்டியே பணம் செலுத்தியவரின் விலையில் அந்தச் செலவை ஏற்றுவதைவிட, காசு முறையைத் தெரிவு செய்தவரிடம் 150 ரூபா கேட்பது நியாயமென்றே நினைக்கிறேன்.

தெகிவளை நிலா: ஹட்டனில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி அனுப்பினேன். பாரம் கூடியதால் விநியோகக் கட்டணம் என்னை மலைக்க வைத்தது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாக அறவிடுகிறார்கள். இதையும் யாராவது கேட்க வேண்டும்.

கிராண்ட்பாஸ் ரவி: நிலா அக்கா, அது தூரத்துக்கும் பாரத்துக்குமான கூலி, இங்கே பேசப்படுவது வேறு. நான் ஒரு கூரியர் நிறுவனத்தின் திரும்பும் பொதிப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவன். மணி சொல்லும் விதி அட்டைக்கு உரியது. காசுக்கான கையாளல் கட்டணத்தை அதைக் கொண்டு தடுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டணத்தை ஓடரை உறுதிசெய்வதற்கு முன்பே தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும். மறைத்திருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்யும் ஏமாற்றும் நடத்தை என்று முறையிட இடமுண்டு.

எடுத்துச் செல்லும் கட்டணம் அதைவிட முக்கியமானது. 1896ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் உள்ள பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, நிராகரிக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் தாமே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. நிராகரித்ததை விற்றவருக்கு அறிவித்தாலே போதும். ஆனால் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் இது பொருந்தாது. கடைகள் தம் நிபந்தனைகளில் நுழைப்பது அந்த இடைவெளியைத்தான். வாசகி அக்கா, திருப்பும் படிவத்தில் எந்தக் காரணத்தைத் தெரிவு செய்தீர்கள்?

வெள்ளவத்தை வாசகி: "அளவு பொருந்தவில்லை" என்று போட்டேன். அது உண்மைதானே?

கிராண்ட்பாஸ் ரவி: இடறியது அங்கேதான். அந்தக் காரணத்தைப் போட்டால், சரியான பொருள் வந்தும் காலுக்குச் சேரவில்லை என்றே கடையின் கணினி பதிந்துகொள்ளும். அது வாங்கியவரின் மனமாற்றக் கணக்கில் சேர்ந்து, எடுக்கும் கூலி உங்கள் தலையில் விழும். "தவறான பொருள் வந்தது" என்பதைத் தெரிவு செய்திருந்தால், பெரும்பாலும் கூலியைக் கடையே ஏற்றிருக்கும். எங்கள் மேசைக்கு வரும் பொதிகளில் காரணத்தை மட்டும்தான் நாங்கள் பார்ப்போம். பெட்டியைத் திறந்து அளவைச் சரிபார்ப்பது எங்கள் வேலையல்ல. பெட்டியில் 38 என்றிருந்ததைக் காட்டும் படம் உங்களிடம் இருக்கிறதா?

வெள்ளவத்தை வாசகி: தம்பி, பிரித்த அன்றே தங்கைக்கு அனுப்பிய படம் இருக்கிறது. ஓடர் உறுதிசெய்த மின்னஞ்சலில் 39 என்று தெளிவாக உள்ளது.

கிராண்ட்பாஸ் ரவி: அப்படியானால் அந்த இரண்டையும் இணைத்து, காரணத்தைத் திருத்தும்படி கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். 450 ரூபாவை மட்டும் கேட்காமல், 400 ரூபா விநியோகக் கட்டணத்தையும் 150 ரூபாவையும் சேர்த்தே கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதிலோடு அதிகாரசபையிடம் முறையிடலாம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

கொட்டாஞ்சேனை வியாபாரி: 450ஐயும் 400ஐயும் கடை கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. 150 ரூபா விடயத்தில் நான் உடன்படவில்லை. காசைச் சேகரித்த வேலை நடந்து முடிந்துவிட்டது, கூரியர் அதை எனக்குத் திருப்பித் தராது.

மருதானை மணி: அண்ணா, தவறான அளவை அனுப்பியிராவிட்டால் அந்த வேலைக்கே பயன் இருந்திருக்கும். வாங்கியவருக்கு அந்த 150 ரூபாவால் எதுவும் கிடைக்கவில்லையே?

வெள்ளவத்தை வாசகி: மூன்று தொகைகளையும் குறிப்பிட்டு இன்று மாலையே எழுதுகிறேன். பதில் வந்ததும் இங்கே இடுவேன்.