லேத் ஆபரேட்டரின் ஒரு மணி நேரம் நிஜத்தில் என்ன விலை? ஜாப் ஒர்க் ரேட் போட்ட அனுபவங்கள்

சிங்காநல்லூர் டர்னிங்
சிஎன்சி லேத் ஜாப் ஒர்க்குக்கு கொட்டேஷன் போடுகிறவர்கள் ஆபரேட்டர் கூலியை எப்படி எடுக்கிறீர்கள்? சம்பளம் 18,000. அதை 26 நாளுக்கும் 8 மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 86.50 வருகிறது. அந்த ரேட்டில் வருஷம் பூரா வேலை ஓடியும், பார்ட்டியிடம் வாங்கின கூலி சம்பளத்துக்கே எட்டவில்லை. ஓட்டை எங்கே?

மீனா, காஸ்டிங்
வகுத்த இடத்தில்தான் சார். மேலே இருக்க வேண்டிய தொகை குறைவு, கீழே இருக்க வேண்டிய மணி நேரம் அதிகம். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும்.

முதலில் மேலே. அந்த 18,000-ல் அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000 என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பங்கு பிஎஃப் நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், அதாவது 1,950. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 585. தீபாவளிக்கு ஒரு மாத அடிப்படை போனஸ் என்றால் மாதத்துக்கு 1,250. கிராஜுவிட்டிக்கு ஒதுக்க 721. டீ, ஷூ, யூனிஃபார்ம் சேர்த்து ரவுண்டாக மாதம் 23,000, வருஷம் 2,76,000.

இப்போது கீழே. 365-ல் ஞாயிறு 52 போனால் 313. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறை 9. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, வேலை செய்த 20 நாளுக்கு 1 என்ற கணக்கில் சுமார் 14. கேஷுவல் 6 கொடுக்கிறீர்கள் என்றால் மீதி 284 நாள்தான். மாதம் 26 என்று போட்டால் வருஷத்துக்கு 312. நீங்கள் காசு கொடுத்தும் ஆள் வராத 28 நாளை அந்த 86.50 பார்க்கவே இல்லை.

284 நாள், 8 மணி நேரம் என்றால் 2,272 மணி. ஆள் ஷாப்புக்குள் இருக்கிற மணிக்கு மட்டும் 121.50. மெஷினில் வேலை செய்கிற மணிக்கான விலை இன்னும் வரவில்லை.

ஓசூர் ஷாப்
இவ்வளவு நோண்ட வேண்டாம். டீ, கிளீனிங், மெட்டீரியலுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து கால்வாசி நேரம் போகும். 121.50-க்கு மேல் 23, 25 சதவீதம் ஏற்றிவிட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் போடுகிறேன்.

மீனா, காஸ்டிங்
அளவு ஏறக்குறைய சரி, ஏற்றுகிற விதம் தப்பு. 8 மணி என்பது 480 நிமிஷம். டீ 20, ஷிப்ட் மாற்றமும் வார்ம் அப்பும் 15, சிப்ஸ் அள்ளித் துடைக்க 10. மெட்டீரியல், டூல், இன்ஸ்பெக்‌ஷன் ஓகே இவற்றுக்குக் காத்திருப்பது ஒரு ஷாப்பில் 65 நிமிஷம் என்று வைப்போம். மீதி 370 நிமிஷம். இழப்பு 23 சதவீதம். 121.50-ல் 23 சதவீதம் ஏற்றினால் 149-தான். வர வேண்டியது 121.50-ஐ 0.77-ஆல் வகுத்தது, சுமார் 157.50. மணிக்கு 8 ரூபாய் விடுகிறீர்கள் அண்ணா. 284 நாளில் கைக்கு வரும் மணி 1,751 என்பதால், ஓர் ஆளுக்கு வருஷம் 14,000 ரூபாய்க்கு மேல்.

பெயிண்ட் கான்ட்ராக்டர்
எங்க ஆளுக்கு லீவும் கிடையாது பிஎஃப்பும் கிடையாது, வந்த நாளுக்குக் கூலி. நாள் கூலியை 8-ஆல் வகுத்தால் போதும்தானே?

பழைய சூப்பர்வைசர்
லீவுக் கணக்கு உங்களுக்கு இல்லை தம்பி. சாரம் கட்டுகிற நேரம், பட்டி காய்கிற நேரம், வீட்டுக்காரர் கலர் முடிவு பண்ணாமல் நிற்கிற நேரம், இதற்கெல்லாம் கூலி கொடுக்கிறீர்களா இல்லையா? கொடுத்தால் கீழே 8 வராது. சாரத்துக்குத் தனியாகப் பணம் வாங்கினால் அதை மட்டும் கழிக்காதீர்கள்.

லேத்திலும் இதே இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். செட்டிங் நேரத்தை கொட்டேஷனில் தனி வரியாகப் போடுவார்கள், அதையே வேலை நடக்காத வெட்டி நேரத்திலும் சேர்த்துக் கழிப்பார்கள். நாளுக்கு 60 நிமிஷ செட்டிங்கைக் கூடுதலாகக் கழித்தால் 370, 310 ஆகி ரேட் 188-க்குப் போகும். பிறகு "பக்கத்து ஷாப் எப்படி குறைவாகக் கொடுக்கிறான்?" என்று புலம்பல். செட்டிங் இரண்டில் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். எனக்குத் தனி வரிதான் பிடிக்கும், 20 பீஸ் ஆர்டருக்கும் 2,000 பீஸ் ஆர்டருக்கும் நியாயமாக இருக்கும்.

சிங்காநல்லூர் டர்னிங்
ஒரு புஷ், 500 பீஸ். சைக்கிள் 3 நிமிஷம், கழற்றி மாட்ட அரை நிமிஷம். செட்டிங் 90 நிமிஷம் தனி. மொத்தம் 30.67 மணி. என் பழைய ரேட்டில் கூலி 2,653. 157.50-ல் 4,830. பீஸுக்கு 4 ரூபாய் 35 பைசா நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்! சரி, அந்த 65 நிமிஷத்தை என் ஷாப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாப் கார்டு எழுதச் சொல்கிறேன்.

பழைய சூப்பர்வைசர்
ஜாப் கார்டை அப்படியே நம்பாதீர்கள். எல்லாக் கார்டும் கூட்டினால் சரியாக 480 வருகிறதா? அப்படியென்றால் சாயந்தரம் உட்கார்ந்து நிரப்பியது. ஃபனுக் கன்ட்ரோலில் `RUN TIME`, `PARTS COUNT` இரண்டையும் ஷிப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் குறியுங்கள். ஓடின நேரத்தோடு பீஸ் எண்ணிக்கைக்கு அரை நிமிஷம் வீதம் கூட்டி, செட்டிங் நேரத்தையும் சேர்த்தால் வேலை நேரம் வந்துவிடும். மீதிதான் வெட்டி நேரம். நான்கு வாரமாவது எடுங்கள். மாதக் கடைசி டெஸ்பாட்ச் வாரத்தை மட்டும் எடுத்தால் எல்லாரும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஃபீடை 50 சதவீதத்தில் வைத்து ஓட்டினாலும் `RUN TIME` ஏறும், அதையும் பாருங்கள். அது ரேட்டில் தெரியாது, சைக்கிள் டைமில்தான் தெரியும்.

ஓசூர் ஷாப்
வகுக்கிற விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிராஜுவிட்டியை ஏன் சேர்க்க வேண்டும்? ஐந்து வருஷம் எவன் இருக்கிறான்? அப்புறம் ஓவர்டைம். டபுள் கூலி என்றால் 157.50-ம் டபுளாக 315 போட வேண்டுமா?

மீனா, காஸ்டிங்
கூடாது, அது பெரிய தப்பு. இரட்டிப்பாவது சம்பளம்தான். 86.50-ன் இரண்டு மடங்கு 173. ஓவர்டைமுக்கு இஎஸ்ஐ உண்டு, பிஎஃப் இல்லை, எனவே சுமார் 178.50. லீவு, விடுமுறைச் செலவு எல்லாம் சாதாரண மணிகளிலேயே ஏற்றியாகிவிட்டது. அந்த நேரத்தில் 85 சதவீதம் வேலை நடந்தால் 210. சாதாரண ரேட்டைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். பார்ட்டி அவசரப்படுத்தினால் அந்தக் கூடுதலை அவர் ஜாப்பில் போடலாம். ஆள் பற்றாக்குறையால் வந்த ஓவர்டைமை எந்த ஜாப் ஆறு மணிக்கு மேல் மெஷினில் மாட்டிக்கொண்டதோ அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கிராஜுவிட்டி உங்கள் விருப்பம். பாதி ஆள் பழைய ஆள் என்றால் பாதியாவது ஒதுக்குங்கள்.

சிங்காநல்லூர் டர்னிங்
ஜூன், ஜூலையில் ஆர்டரே இல்லாமல் இரண்டு லேத் நின்றது. அந்த நேரத்தையும் கழித்தால் ரேட் 200-ஐத் தாண்டுகிறது.

பழைய சூப்பர்வைசர்
கழிக்காதீர்கள். எல்லா மாதமும் இருக்கிற காத்திருப்பு ரேட்டில் போகும், ஆர்டர் இல்லாதது நஷ்டக் கணக்கில் போகும். ஆர்டர் குறைந்ததற்கு ரேட்டை ஏற்றினால் இருக்கிற ஆர்டரும் போகும்.

ஓசூர் ஷாப்
கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த இரண்டு மாதச் சம்பளத்தை யார் கொடுக்கிறார்? எனக்கு வருஷா வருஷம் அப்படித்தான் நிற்கிறது. வருஷா வருஷம் வந்தால் அதுவும் வழக்கமான வெட்டி நேரம்தானே?

மீனா, காஸ்டிங்
அது சரியான கேள்வி. மூன்று வருஷ ஜாப் கார்டை எடுத்து வைத்துப் பார்க்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன். ஒரே ஆள் இரண்டு லேத் பார்க்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். பார்த்தால் 157.50-ஐப் பாதியாக்க ஆசை வரும். ஒரு மெஷினில் மாட்டும்போது இன்னொன்று முடிந்து நிற்கிற நேரத்தை அளந்துவிட்டு வாருங்கள்.