பொருள்: ஆக்சிமோரானுக்குத் தமிழ்ச்சொல் – முரண்தொடையா, முரணடையா?

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியை:

வணக்கம். பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 'டெஃபனிங் சைலன்ஸ்' என்பதை ஒரு மாணவி 'செவிடான அமைதி' என்று எழுதினாள். காது கேளாதது அமைதிக்கு என்று ஆகிவிட்டது. இன்னொரு பையன் 'மயான அமைதி' என்றான். பொருள் நெருங்கி வருகிறது, ஆனால் இரண்டு சொற்களுக்கும் இடையில் இருந்த மோதலே போய்விட்டது. இப்படி ஒன்றோடொன்று மோதும் இரண்டு சொற்கள் சேர்ந்து வரும் ஆக்சிமோரான் வகைக்கு ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் விளக்க எளிது. முரண்தொடை என்று சொல்லலாமா?

ஆற்காட்டிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேண்டாம் அம்மா, அந்தப் பெயர் யாப்புக்குச் சொந்தம். 'மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே' என்கிறது தொல்காப்பியம். ஓரடி 'இருள்' என்று தொடங்கி அடுத்த அடி 'ஒளி' என்று தொடங்கினால் அது முரண்தொடை. அங்கே இரண்டும் எதிரெதிரே நிற்கும், ஒன்றையொன்று தொடாது. நீங்கள் கேட்பதில் ஒரு சொல் மற்றதற்கே அடைமொழியாகிறது. ஆகவே 'முரணடை' என்பது என் பரிந்துரை.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து:

ஐயா, நம்ம ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறதே! நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. இதுவும் முரணடைதானே?

ராணிப்பேட்டையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

இல்லைங்க அண்ணா. அவை குறையைச் சொல்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மீண்டும் லிங்கம் வைத்ததும் 'சாமி இல்லாத கோயில்' பொய்யாகிவிட்டது. பாலாற்றில் வெள்ளம் வந்தால் அன்றைக்கு 'நீரில்லா ஆறு' பொய். நிலைமை மாறினால் தீர்ந்துவிடும் முரண் இது. நம் வகையில் முரண் சொற்பொருளிலேயே இருக்கிறது.

நம் பேச்சிலிருந்து எடுப்பதானால் 'ஊரறிந்த ரகசியம்' சரியான எடுத்துக்காட்டு. ஊருக்கே தெரிந்தால் அது எப்படி ரகசியம்? ரகசியம் என்ற சொல்லுக்குள் இரண்டு செய்திகள் உண்டு: யாருக்கும் தெரியாது, யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். 'ஊரறிந்த' முதலாவதை அடித்துவிடுகிறது, இரண்டாவது அப்படியே நிற்கிறது. தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

டீச்சர், உங்கள் மாணவிக்கும் இதையே செய்து காட்டலாம். முதலில் பெயர்ச்சொல்லைப் பிடிக்கச் சொல்லுங்கள்: பேசப்படுவது அமைதி, அதில் ஐயமில்லை. பிறகு அடைமொழியில் எது ஒட்டும் என்று கேளுங்கள். 'டெஃபனிங்' காதைச் செவிடாக்கும் பேரொலிக்குரிய சொல். அமைதியில் ஒலி ஒட்டாது, தாக்கம் ஒட்டும். ஊர்க்கூட்டத்தில் 'கணக்கு எங்கே?' என்று ஒருவர் கேட்கிறார், நூறு பேரும் தரையைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வேறெதுவும் மனதில் ஏறாது. அதனால் 'செவிடாக்கும் அமைதி' அல்லது 'செவியை அறையும் அமைதி'. 'செவிடான' என்றால் வினை திசைமாறிவிடுகிறது, அவள் தவறிய இடம் அதுதான்.

ஆம்பூரிலிருந்து, கல்லூரி மாணவர்:

அப்படியானால் 'கசப்பான உண்மை'யும் இதில் சேருமா? இன்னொன்று: ஆக்சிமோரான் என்ற சொல்லே கிரேக்கத்தில் 'கூர்மை', 'மழுங்கல்' என்ற இரண்டும் சேர்ந்தது. அப்படியே 'கூர்மழுங்கல்' என்று வைத்துவிடலாமே!

ராணிப்பேட்டையிலிருந்து:

கிரேக்கம் பற்றிச் சொன்னது சரி தம்பி. ஆனால் 'கூர்மழுங்கல்' என்றால் கத்தி மழுங்கியது என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'கசப்பான உண்மை' சேராது. கசப்புக்கு எதிர்ச்சொல் இனிப்பு, உண்மைக்கு எதிர்ச்சொல் பொய். இரண்டும் மோதவே இல்லை.

குடியாத்தம் ஆசிரியை:

நன்றி, அமைதி தெளிந்துவிட்டது. ஆனால் 'பிட்டர்ஸ்வீட்' இந்த வழியில் பிரியவில்லையே? எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது? பெங்களூரில் வேலை கிடைத்த மகளைக் காட்பாடியில் ரயிலேற்றி விடுகிற அம்மாவுக்குச் சந்தோஷமும் முழுசு, வருத்தமும் முழுசு.

ஆற்காடு தமிழாசிரியர்:

நல்ல கேள்வி. அங்கே எதையும் அடிக்கக்கூடாது. இரண்டும் சமமாக நிற்பதால் முன்பின் மாற்றினாலும் பொருள் கெடாது. சாஃபோ என்ற கிரேக்கப் பெண் கவிஞர் காதலைச் சொன்ன சொல் 'இனிப்புக்கசப்பு' என்ற வரிசையில்தான் இருக்கிறது, ஆங்கிலத்தில் கசப்பு முன்னால் வந்துவிட்டது. 'ஊரறிந்த ரகசியம்' அப்படிப் புரளாது.

வள்ளுவர் இன்னொரு வழி காட்டுகிறார். 'நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும் தீ' என்கிறார். குளிர்கிற தீ என்று மட்டும் சொன்னால் முரண். விலகினால் சுடும், நெருங்கினால் குளிரும் என்று இடத்தைப் பிரித்து அவரே அவிழ்த்தும் தருகிறார். மாணவர்கள் தொடங்க ஏற்ற இடம் இது.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஐயா, 'பிட்டர்ஸ்வீட்'டில் அடைமொழியே இல்லை என்றால் 'முரணடை' அதற்குப் பொருந்தாதே. இரண்டு வகைக்கும் பொதுவாக 'முரணிணை' என்று வைக்கலாமா?

ஆற்காடு தமிழாசிரியர்:

இணை என்றால் இரவு பகல், மேடு பள்ளம் எல்லாம் உள்ளே வந்துவிடும். எனக்கு இன்னும் 'முரணடை'யை விட மனமில்லை. இனிப்புக்கசப்புக்குத் தனிப்பெயர் வைப்பதானால் வைப்போம்.

குடியாத்தம் ஆசிரியை:

திங்கள்கிழமை வகுப்பில் இரண்டு பெயரையும் பலகையில் எழுதப்போகிறேன் ஐயா. எதைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே புது எடுத்துக்காட்டு சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.