முகப்பை மறைக்கும் 11 பலகைகள்

அக்கா: மனு வரைவு இதோ. "பழைய சந்தைக் கட்டடத்தின் முகப்பை மறைக்கும் எல்லாப் பலகைகளையும் ஆக்கிரமிப்புகளையும் உடனே அகற்ற வேண்டும்." படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சித்தி: சரியாக இருக்கிறது. பழைய கட்டடத்தில் பலகையே வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே.

பெரியப்பா: பழையது என்பதாலேயே அப்படி ஆகிவிடாது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறியிருந்தாலும் அனுமதி வாங்கிப் பலகை வைக்க வழி இருக்கலாம். இன்னொன்று, இந்த ஒரே வரியில் இரண்டு புகார் இருக்கிறது. பலகை சுவரில் தொங்குகிறது, தகரக் கூரை நடைபாதையில் நிற்கிறது. இரண்டையும் ஒரே பிரிவு பார்க்காது; ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும். இரண்டு மனுவாகப் பிரித்துவிடு.

மாமா: பக்கத்து வீட்டுக்காரர் மதிலை ஓரடி தள்ளிக் கட்டியிருக்கிறார். அதையும் சேர்த்துவிடலாமா?

அக்கா: மாமா, அது உங்கள் இருவருக்குள் இருக்கும் எல்லைத் தகராறு. இதில் வேண்டாம்.

தம்பி: நேற்று எதிர்ப்புறம் நின்று எண்ணினேன். 7 வளைவுகளுக்கு 11 பலகைகள். 4 வளைவுகளின் உச்சிக்கல் தெரியவே இல்லை. கடிகாரத்தில் மேல் பாதிதான் தெரிகிறது.

பெரியப்பா: அப்படியே எழுது. ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டுப் படத்தை இணை. எந்த எண்ணுக்கு அனுமதி இருக்கிறது, என்ன அளவுக்கு, எந்தத் தேதி வரை என்று கேள். "எல்லாவற்றையும் அகற்றுங்கள்" என்றால் "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண் போட்டுக் கேட்டால் கோப்பை எடுத்தாக வேண்டும். சிறிய பலகைக்கு அனுமதி வாங்கிப் பெரிதாக மாட்டியதெல்லாம் அப்போதுதான் வெளிவரும்.

தம்பி: மூன்றாவது தூணில் போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை, மெல்லிய விரிசல்.

பெரியப்பா: உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் கல் பிளக்கும். அதற்காகத்தான் "உடனே" என்ற சொல் வேண்டாம் என்கிறேன். அவசரத்தில் போல்ட்டைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயரும், பிறகு சிமெண்ட் பூசுவார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது, பக்கத்துக் கல் உதிரும். கழற்றும் முறையை மனுவிலேயே கேள்: கல்லைத் தட்டாமல் போல்ட்டை எடுத்து, துளையைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும்.

அண்ணன்: எல்லாம் சரி, கடைக்காரர்கள் பெயர்ப் பலகைக்கு எங்கே போவார்கள்? வாடகை கட்டுகிறவர்கள்தானே.

பெரியப்பா: வளைவுக்கு உள்ளே, கதவுக்கு மேல், எல்லாருக்கும் ஒரே உயரத்தில் வைக்கலாம். அதையும் கேள். அவர்களும் கையெழுத்துப் போட்டால் மனுவுக்குப் பலம், ஆனால் போடுவார்களா தெரியவில்லை.

அக்கா: அவர்களிடம் யார் பேசுவது?

தம்பி: எண் போட்ட படம் அனுப்பியிருக்கிறேன். கடிகாரத்தை மறைப்பது 6ஆம் எண்.

சித்தி: 6 எங்கள் கடைப் பலகை ஆயிற்றே. அதற்கு அனுமதி வாங்கினோமா என்று சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை மனுவைக் கொடுத்துவிடாதே.