உங்கள் கீபோர்டு செத்த கதை: திறந்தீர்களா, தூக்கிப் போட்டீர்களா?

மூன்றாம்தாள்
சாதாரண மெம்ப்ரேன் கீபோர்டு. ஜூஸ் கொட்டிவிட்டது. கவிழ்த்து வைத்துக் காயவிட்டேன், இரண்டு நாள் ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாம் நாள் 3, E, D, C நான்கும் ஒன்றாகப் போயின, பக்கத்துக் கீகளுக்கு ஒன்றுமில்லை. பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரப்பர் டோம் விரிப்பை எடுத்தால் கீழே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தேன். ஒரு வெள்ளிக் கோட்டில் அரிசி அளவுக்குக் கறுப்புக் கறை.

மெக்கானிக்கல் கீபோர்டில் சால்டரிங் செய்த தைரியத்தில் இங்கேயும் அயர்னை வைத்தேன். ஒரு நொடிதான். தாள் சுருண்டு, கறை இருந்த இடத்தில் ஓட்டை. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

விசைமணி
இதற்குத்தான் மெக்கானிக்கல் வாங்கச் சொல்வது. மெம்ப்ரேன் ஒரு கோடி அழுத்தத்தைத் தாண்டினாலே பெரிது, மெக்கானிக்கல் ஸ்விட்ச் 5 கோடி தாங்கும். என்னுடையதை வாங்கிய நாளிலிருந்து திறந்ததே இல்லை.

பழுதுப்பெட்டி
கோடி கணக்கை விடுங்கள், அவருடையது தேய்ந்து சாகவில்லை, நனைந்து செத்தது. நான்கு கீ ஒன்றாகப் போனால் நான்குக்கும் பொதுவான கோடு அறுந்திருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு கீ போனால் அந்த டோமையோ அதன் அடியில் உள்ள புள்ளியையோ பார்க்கலாம். சர்க்கரைத் தண்ணீர் தாள்களுக்கு இடையே புகுந்துவிட்டால் வெளியே எவ்வளவு காயவைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். வெள்ளிக் கோடு மெதுவாக அரிக்கும். இரண்டு நாள் வேலை செய்தது அதனால்தான்.

சால்டரிங் இங்கே ஆகாது, அது பாலியெஸ்டர் தாள். கடத்தும் வெள்ளிப் பெயிண்ட் கிடைக்கும். முதலில் தாளின் வால் போர்டைத் தொடும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள், சில நேரம் கோளாறு அங்கேயே இருக்கும். அப்புறம் மல்டிமீட்டரில் கோட்டை அளந்துகொண்டே வந்தால் அறுந்த இடம் தெரியும். சில நூறு ஓம் காட்டினால் பயப்படாதீர்கள், இது செம்பு இல்லை. இருபுறமும் டேப் ஒட்டி, ஓட்டையைச் சுற்றிக்கொண்டு மெல்லிய கோடாகப் பூசுங்கள். நடுத்தாளில் துளை இருக்கும் இடத்துக்கு மேலே பூசினால் எதிர்த்தாளைத் தொட்டு, அழுத்தாமலே எழுத்து விழும். ஒரு இரவு காயட்டும். காய்ந்த பிறகு அந்த இடத்தை மடக்காதீர்கள், பெயிண்ட் வெடித்துவிடும்.

இரட்டைN
@விசைமணி என்னுடைய மெக்கானிக்கல் எட்டே மாதத்தில் N-ஐ இரண்டிரண்டாக அடிக்க ஆரம்பித்தது. பாஸ்வேர்டில் N இருக்கிறது, திரையில் புள்ளிகள்தானே தெரியும்? மூன்று முறை தப்பாகி அக்கவுண்ட் பூட்டிக்கொண்டது. அப்போதும் கீபோர்டைச் சந்தேகப்படவே இல்லை.

5 கோடி என்பது சோதனை இயந்திரம் அழுத்தும் எண்ணிக்கை. உள்ளே உலோகத் தகடுகள் தொடும் இடத்தில் தூசியோ ஆக்சைடோ படிந்தால் தொடர்பு விட்டு விட்டு விழும். கீபோர்டு சில மில்லிசெகண்டு பொறுத்துப் பார்க்கும், அதைத் தாண்டித் துள்ளினால் இரண்டு எழுத்து. ஆனால் அந்த ஒரு ஸ்விட்சின் இரண்டு கால்களில் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை வைத்து முடித்தேன். மற்ற கீகளைத் தொடவே இல்லை.

மடிக்கணினிவாசி
எனக்கும் E கழன்றது. லேப்டாப், மூடிக்கு அடியில் கத்தரி மாதிரி இருக்குமே, அதன் கொக்கி முறிந்துவிட்டது. அதிகம் தொடாத ஒரு கீயின் கத்தரியைக் கழற்றி மாட்டினேன், சரியாக உட்கார்ந்தது. ஆனால் ஒரு பக்கம் அழுத்தினால் சாய்கிறது. தகட்டில் இருக்கும் காதும் வளைந்திருக்கும் போல. முழுக் கீபோர்டையும் எடுக்கலாம் என்றால் உருக்கிய பிளாஸ்டிக் தலைகளால் மேல்மூடியோடு பிணைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூவே இல்லை.

விசைமணி
சரி, ஆயுளை விடுங்கள். அழுத்தும் சுகம்? ரப்பர் டோம் மடிந்து, அடியைத் தொட்டால்தான் எழுத்து விழுகிறது. மெக்கானிக்கலில் 4 மி.மீ. பயணத்தில் 2 மி.மீ.யிலேயே பதிந்துவிடும்.

இரட்டைN
பதியும். ஆனாலும் நீங்கள் அடிவரை குத்திக்கொண்டுதான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான்.

மூன்றாம்தாள்
பெயிண்ட் பூசினேன். E, D, C மூன்றும் வந்துவிட்டன! ஆனால் டேப்பை உரித்தபோது 3-க்குப் போகும் வெள்ளிக் கோடும் அதோடு உரிந்து வந்துவிட்டது.

பழுதுப்பெட்டி
ஐயோ, பசை குறைந்த டேப் என்று சொல்லாதது என் தப்பு. அந்த இடத்தையும் பூசலாம், இந்த முறை டேப் இல்லாமல், குச்சி முனையால்.

மூன்றாம்தாள்
ஓரத்து நம்பர் பேடில் ஒரு 3 இருக்கிறது. # தேவைப்படும்போது பார்த்துக்கொள்கிறேன்.